ஐந்து மாங்காயும் ஒரு திசையும்: பிசிஏவுக்குள் ஐகன் வெக்டர் எப்படி வருகிறது?

டேட்டா சயின்ஸ் படிக்கத் தொடங்கிய என் அக்கா மகன் போன வாரம் ஒரு கேள்வி கேட்டான். "கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் போடத் தெரியும் மாமா. ஐகன் வெக்டர் கண்டுபிடிக்கவும் காலேஜ்ல சொல்லிக் கொடுத்துட்டாங்க. ஆனா இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? பிசிஏ பண்ண எதுக்கு ஐகன் வெக்டர் வேணும்?" பாடங்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் இடம் இதுதான். படி ஒன்று, படி இரண்டு என்று செய்முறையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஏன் வேறு எதுவும் இல்லாமல் ஐகன் வெக்டரே வந்து நிற்கிறது என்பதைத் தாளில் போட்டுப் பார்த்தால் அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். அவனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கேயும் எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மாங்காயை விட நல்ல உதாரணம் வேண்டாம். இங்குள்ள மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் லோடுகளில் தோத்தாபுரிக்குப் பெரிய பங்கு உண்டு. பெங்களூரா என்றும் சொல்வோம். நீண்ட உடல், நுனியில் கிளிமூக்கு. ஒரு கூடையிலிருந்து ஐந்து காய்களை எடுத்து நீளமும் அகலமும் அளந்ததாக வைத்துக்கொள்வோம். கணக்கு கையாலேயே போகும்படி முழு எண்களாக அமைத்திருக்கிறேன். எல்லாம் சென்டிமீட்டர்.

```
காய்   நீளம்   அகலம்
1       12      8
2       14      6
3       15      8
4       16      8
5       18      10
```

ஒவ்வொரு காய்க்கும் இரண்டு எண்கள். இப்போது கேள்வி: காய்க்கு ஒரே ஒரு எண்தான் எழுதி வைக்கலாம் என்றால் எதை எழுதுவீர்கள்? நீளத்தையா, அகலத்தையா, இரண்டையும் ஏதோ ஒரு விகிதத்தில் கலந்த ஒன்றையா? காய்களுக்குள் இருக்கும் வேறுபாடு அந்த ஒரு எண்ணில் முடிந்த அளவு தெரிய வேண்டும். முதன்மைக் கூறு பகுப்பாய்வு, அதாவது பிசிஏ, விடை சொல்லும் கேள்வி இதுதான். 1901இல் கார்ல் பியர்சன் இதே விஷயத்தைப் புள்ளிகளுக்கு மிக நெருக்கமாகப் போகும் கோட்டைத் தேடும் கணக்காக எழுதினார். 1933இல் ஹரோல்ட் ஹோட்டலிங் இன்று நாம் படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

முதலில் சராசரியைக் கழிக்க வேண்டும்

நீளத்தின் சராசரி 15, அகலத்தின் சராசரி 8. காய்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே நமக்கு வேண்டியது. எல்லாக் காய்க்கும் பொதுவாக இருக்கும் அந்த 15உம் 8உம் இதற்கு உதவாது. ஆகவே ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்துவிடுகிறோம். நீளத்தில் மிஞ்சுவது −3, −1, 0, 1, 3. அகலத்தில் மிஞ்சுவது 0, −2, 0, 0, 2. இனி நீளம், அகலம் என்று சொல்லும்போதெல்லாம் இந்தக் கழித்த எண்களையே சொல்கிறேன்.

நீளத்தின் வேரியன்ஸ் காண ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம்: 9 + 1 + 0 + 1 + 9 = 20. இதை 4ஆல் வகுத்தால் 5. (ஐந்து காய்கள் ஒரு மாதிரி மட்டுமே என்பதால் ஒன்று குறைத்து வகுக்கிறோம்.) அகலத்துக்கு 4 + 4 = 8, நான்கால் வகுத்தால் 2. இரண்டையும் காய்க்குக் காய் பெருக்கிக் கூட்டினால் இரண்டாவது காயிலிருந்து (−1)(−2) = 2, ஐந்தாவதிலிருந்து 3 × 2 = 6, மற்றவை பூஜ்யம். மொத்தம் 8, நான்கால் வகுத்தால் 2. இந்தக் கடைசி எண்தான் கோவேரியன்ஸ். நீளம் கூடும்போது அகலமும் சேர்ந்து கூடுகிறது என்பதால் அது பாசிட்டிவாக வந்திருக்கிறது. மூன்றையும் ஒரு கட்டத்தில் எழுதினால் கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் தயார். அதை C என்று அழைப்போம்.

```
C = | 5  2 |
    | 2  2 |
```

மூலைவிட்டத்தில் இருக்கும் 5உம் 2உம் வேரியன்ஸ்கள். அவற்றின் கூட்டுத்தொகை 7. இந்த ஐந்து காய்களில் உள்ள மொத்த வேறுபாடு இந்த 7தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை வரும்.

ஒரு எண் என்பது ஒரு திசை

நீளத்தை a மடங்கும் அகலத்தை b மடங்கும் எடுத்துக் கூட்டி ஒரே எண்ணாக்குகிறோம் என்று வையுங்கள். நீளத்தைக் கிடைக்கோட்டிலும் அகலத்தைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து ஐந்து புள்ளிகளைக் குறித்தால், (a, b) என்பது அந்தப் படத்தில் ஒரு திசை. அந்தத் திசையில் ஒரு கோடு கிழித்து, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கோட்டுக்குச் செங்குத்தாக நிழல் விழச் செய்தால், நிழல் விழுந்த இடமே நம் புதிய எண். நிழல்கள் எவ்வளவு பரவி விழுகின்றனவோ அவ்வளவு வேறுபாடு காப்பாற்றப்பட்டிருக்கிறது.

ஒரு நிபந்தனை தேவை: a² + b² = 1. இது இல்லாவிட்டால் a, b இரண்டையும் நூறு மடங்காக்கி வேரியன்ஸை விருப்பம்போல் ஊதிவிடலாம். திசையை மட்டும்தான் தேர்ந்தெடுக்கிறோம், நீட்டி அளக்க அனுமதி இல்லை.

இப்படி உண்டாக்கிய புதிய எண்ணின் வேரியன்ஸைக் காண மறுபடியும் காய்களிடம் போக வேண்டியதில்லை. (a × நீளம் + b × அகலம்) என்பதை வர்க்கப்படுத்தி விரித்தால் மூன்று துண்டுகள் வரும். நீளத்தின் வர்க்கத்தோடு a², அகலத்தின் வர்க்கத்தோடு b², இரண்டின் பெருக்கலோடு 2ab. ஐந்து காய்களுக்கும் கூட்டி நான்கால் வகுத்தால் அந்த மூன்று துண்டுகளும் C மேட்ரிக்ஸில் ஏற்கனவே இருக்கும் எண்களாகிவிடுகின்றன.

```
வேரியன்ஸ் = 5a² + 2·2ab + 2b²
```

கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் ஏன் வேண்டும் என்பதற்கு இதுவே விடை. எந்தத் திசையைக் கேட்டாலும் அந்தத் திசையில் எவ்வளவு பரவல் இருக்கிறது என்று சொல்ல இந்த மூன்று எண்கள் போதும். ஐந்து காய்க்குப் பதில் ஐந்து லட்சம் காய் இருந்தாலும் மூன்றே எண்கள்தான்.

இப்போது சில திசைகளை முயன்று பார்ப்போம். நீளத்தை மட்டும் எடுத்தால், அதாவது (1, 0), வேரியன்ஸ் 5. அகலத்தை மட்டும் எடுத்தால் 2. இரண்டையும் சரிபாதியாக, (1, 1) திசையில் எடுத்தால், a² + b² = 1 ஆகும்படி √2ஆல் வகுத்த பிறகு (5 + 4 + 2)/2 = 5.5. நீளம் மட்டும் எடுத்ததைவிட இது மேல். (3, 1) திசையில் (45 + 12 + 2)/10 = 5.9. இன்னும் மேல். (3, 2) திசையில் (45 + 24 + 8)/13, கிட்டத்தட்ட 5.92. இரண்டுக்கும் நடுவே (2, 1) திசையில் (20 + 8 + 2)/5 = 6. அதைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் எண் இறங்குகிறது. உச்சி இந்த (2, 1)தான் போலிருக்கிறது. ஆனால் இப்படித் தேடித் தேடிக் கண்டுபிடிப்பது இரண்டு அளவுகளுக்குச் சரி, ஐம்பது அளவுகளுக்கு நடக்காது. உச்சியை நேரடியாக அடையாளம் காண ஒரு குறி வேண்டும்.

மேட்ரிக்ஸ் எந்தப் பக்கம் சாய்க்கிறது?

C மேட்ரிக்ஸால் ஒரு திசையைப் பெருக்கினால் இன்னொரு திசை கிடைக்கும். (1, 0)ஐப் பெருக்கிப் பாருங்கள்: 5×1 + 2×0 = 5, 2×1 + 2×0 = 2. கிடைப்பது (5, 2). நேராகக் கிடந்த அம்பு அகலத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. (1, 1)ஐப் பெருக்கினால் (7, 4). 45 டிகிரியில் நின்ற அம்பு நீளத்தின் பக்கம் சாய்கிறது. ஒன்று கீழிருந்து மேலே, மற்றது மேலிருந்து கீழே. இரண்டும் நடுவில் உள்ள எதையோ நோக்கித் திரும்புகின்றன.

இந்தச் சாய்வுக்கு ஒரு தெளிவான பொருள் உண்டு. u என்பது நாம் தேர்ந்தெடுத்த ஒரு திசை, அதற்குச் செங்குத்தான திசை v என்று வையுங்கள். Cயால் u-வைப் பெருக்கி வரும் அம்பை இரண்டாகப் பிரிக்கலாம்: u-வின் வழியே போகும் பகுதி, v-யின் பக்கம் விலகும் பகுதி. u-வின் வழியே உள்ள பகுதியின் அளவுதான் அந்தத் திசையின் வேரியன்ஸ். விலகும் பகுதியோ, u-வை v-யின் பக்கம் ஒரு துளி திருப்பினால் வேரியன்ஸ் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைச் சொல்கிறது. ε என்ற மிகச் சிறிய கோணம் திருப்பினால் வேரியன்ஸில் வரும் மாற்றம் 2 × ε × விலகும் பகுதி. (1, 0)ஐ எடுத்துக்கொண்டால் கிடைத்தது (5, 2). வழியே உள்ள பகுதி 5, அதுதான் அங்கே வேரியன்ஸ். பக்கவாட்டில் 2, ஆகவே அகலத்தின் பக்கம் திருப்பினால் வேரியன்ஸ் ஏறும். நாம் மேலே முயன்றபோது அப்படித்தான் ஏறியது.

இனி முடிவு தானாகவே வந்துவிடும். உச்சியில் இருக்கும் திசையை எந்தப் பக்கம் திருப்பினாலும் வேரியன்ஸ் ஏறக் கூடாது. ஏறினால் அது உச்சி ஆகாது. ஆகவே அங்கே பக்கவாட்டுப் பகுதி பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். பக்கவாட்டு விலகல் இல்லை என்றால் மேட்ரிக்ஸால் பெருக்கிய அம்பு பழைய திசையிலேயே நிற்கிறது, நீளம் மட்டும் மாறுகிறது. மேட்ரிக்ஸ் திருப்ப முடியாத இப்படிப்பட்ட திசைக்குத்தான் ஐகன் வெக்டர் என்று பெயர். எத்தனை மடங்கு நீள்கிறதோ அது ஐகன் மதிப்பு.

```
C u = λ u
```

(2, 1)ஐப் பெருக்கிச் சரிபாருங்கள். 5×2 + 2×1 = 12, 2×2 + 2×1 = 6. கிடைப்பது (12, 6), அதாவது அதே (2, 1)இன் 6 மடங்கு. சாய்வே இல்லை. அந்தத் திசையின் வேரியன்ஸும் 6 என்று ஏற்கனவே பார்த்தோம். இரண்டும் ஒன்றாக வந்தது தற்செயல் அல்ல. அம்பு முழுவதும் u-வின் வழியே போகிறது என்றால் வழியே உள்ள பகுதி முழு λ-வாகவே இருக்கும், அந்தப் பகுதிதான் வேரியன்ஸ் என்று மேலே சொன்னோம். ஐகன் மதிப்பு என்று தனியாக மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. அது அந்தத் திசையில் விழும் நிழல்களின் வேரியன்ஸ்.

என் அக்கா மகன் உடனே கேட்டது: "அப்போ (1, 0)ல ஆரம்பிச்சு சாயற பக்கமே போய்க்கிட்டே இருந்தா உச்சிக்குப் போயிடலாமா?" போய்விடலாம். (1, 0)ஐ மறுபடி மறுபடி Cயால் பெருக்கினால் (5, 2), பிறகு (29, 14), பிறகு (173, 86). நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள்: 2.5, 2.07, 2.01. மூன்றே பெருக்கலில் 2க்கு 1 என்ற விகிதத்துக்கு அருகில் வந்துவிட்டது. பவர் இட்டரேஷன் என்பது இதுதான். பெரிய மேட்ரிக்ஸ்களில் முதல் ஒன்றிரண்டு ஐகன் வெக்டர்கள் மட்டும் தேவைப்படும்போது இதே எண்ணத்தின் மேம்பட்ட வடிவங்களைப் பயன்படுத்துகிறார்கள்.

தேர்வுத் தாளில் செய்யும் வழியும் இதே விடைக்கு வரும். (5 − λ)(2 − λ) − 4 = 0 என்று எழுதி விரித்தால் λ² − 7λ + 6 = 0. தீர்வுகள் 6, 1.

இரண்டாவது திசை

அந்த 1 யாருடையது? (1, −2)ஐப் பெருக்குங்கள்: 5 − 4 = 1, 2 − 4 = −2. அப்படியே திரும்பி வருகிறது. வேரியன்ஸ் மிகக் குறைவாக இருக்கும் பள்ளம் இது. பள்ளத்திலும் எந்தப் பக்கம் திருப்பினாலும் முதல் துளியில் மாற்றம் இருக்காது என்பதால் அதுவும் ஐகன் வெக்டராகிறது. (2, 1)உம் (1, −2)உம் ஒன்றுக்கொன்று செங்குத்து: 2×1 + 1×(−2) = 0. கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் மூலைவிட்டத்துக்கு இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதால் இது எப்போதும் நடக்கும். நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள கோவேரியன்ஸும் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ளதும் ஒன்றுதானே.

6 + 1 = 7. பழைய மொத்தம் அப்படியே இருக்கிறது. முன்பு 5, 2 என்று பிரிந்திருந்த வேறுபாடு இப்போது 6, 1 என்று பிரிந்திருக்கிறது. எதுவும் புதிதாகச் சேரவில்லை, எதுவும் தொலையவில்லை. முதல் திசை மட்டும் 6/7, அதாவது 85.7 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. நீளத்தை மட்டும் வைத்திருந்தால் 5/7, சுமார் 71 சதவீதம்தான்.

மாங்காய் மொழியில் படித்தால் முதல் திசை 2 × நீளம் + அகலம். இரண்டுமே ஒரே குறியில் இருப்பதால் இது காயின் பருமன்: பெரிய காய், சின்னக் காய். இரண்டாவது நீளம் − 2 × அகலம். நீண்டு ஒல்லியாக இருந்தால் இந்த எண் கூடும், குட்டையாக உருண்டிருந்தால் குறையும். இது வடிவம். டேப் வைத்து யாரும் பருமனையோ வடிவத்தையோ தனியாக அளக்கவில்லை. நீளம், அகலம் இரண்டிலும் கலந்து கிடந்ததை ஐகன் வெக்டர்கள் பிரித்துக் கொடுத்திருக்கின்றன. ஆனால் எல்லா டேட்டாவிலும் இப்படித் தெளிவான பெயர் வைக்க முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். இருபது அளவுகள் கலந்த ஒரு திசைக்குப் பெயர் வைக்கப் போனால் நம் விருப்பத்தை அதன்மேல் ஏற்றிவிடுவோம்.

முதல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன இழக்கிறோம் என்பதையும் நேரில் பார்த்துவிடலாம். ஐந்தாவது காய் (3, 2). அதன் முதல் எண் (6 + 2)/√5, சுமார் 3.58. இதை மட்டும் வைத்துக் காயைத் திரும்பக் கட்டினால் (3.2, 1.6) வரும். சராசரியைக் கூட்டினால் 18.2 நீளம், 9.6 அகலம். உண்மையில் 18, 10. பரவாயில்லை. இரண்டாவது காய் (−1, −2). அதைத் திரும்பக் கட்டினால் 13.4, 7.2. உண்மையில் 14, 6. இங்கே பிழை அதிகம், ஏனென்றால் அந்தக் காய் மற்றவற்றைவிட ஒல்லி, அதன் விசேஷம் நாம் விட்டுவிட்ட இரண்டாவது திசையில் இருந்தது. ஐந்து காய்களின் பிழைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 4, நான்கால் வகுத்தால் 1. விட்டுவிட்ட ஐகன் மதிப்பும் அதே 1. எதை எறிகிறோமோ அதன் ஐகன் மதிப்பே நமக்கு ஆகும் இழப்பு.

அலகு மாறினால் திசையும் மாறும்

பிசிஏவில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களில் இதுவே முதலாவது. அதே ஐந்து காய்கள். அகலம் சென்டிமீட்டரிலேயே இருக்கட்டும், நீளத்தை மட்டும் மில்லிமீட்டரில் எழுதிவிட்டோம் என்று வையுங்கள். நீளம் 10 மடங்கானால் அதன் வேரியன்ஸ் 100 மடங்காகும், கோவேரியன்ஸ் 10 மடங்காகும்.

```
C = | 500  20 |
    |  20   2 |
```

இப்போது பெரிய ஐகன் மதிப்பு சுமார் 500.8, திசை கிட்டத்தட்ட (1, 0.04). முதல் திசை 99.8 சதவீதத்தை எடுத்துக்கொண்டதாகக் காட்டும். பார்ப்பதற்கு அருமையான முடிவு போலத் தெரியும். உண்மையில் அது நீளத்தையே திருப்பிச் சொல்கிறது, அகலத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. மாங்காயில் எதுவும் மாறவில்லை, நம் ஸ்கேல்தான் மாறியது.

நிஜ டேட்டாவில் இது இன்னும் மோசமாக இருக்கும். எடை கிராமில் இருக்கும், காய்க்குக் காய் நூறு கிராம் கூட மாறும். இனிப்பு பிரிக்ஸ் அளவில் இருக்கும், ஒன்றிரண்டு புள்ளிகளே மாறும். அப்படியே போட்டால் முதல் திசை எடையாகவே வரும். அலகுகள் வேறு வேறாக இருந்தால் ஒவ்வொரு பத்தியையும் அதன் திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டுத் தொடங்க வேண்டும். அப்படிச் செய்தால் கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸுக்குப் பதில் கோரிலேஷன் மேட்ரிக்ஸ் கிடைக்கும். நம் காய்களுக்கு மூலைவிட்டத்தில் 1, 1, பக்கத்தில் 0.632. ஐகன் மதிப்புகள் 1.632, 0.368. முதல் திசை (1, 1), பங்கு 81.6 சதவீதம். இரண்டே அளவுகள் இருந்து அவை சேர்ந்து ஏறுபவையாக இருந்தால், இப்படி வகுத்த பிறகு முதல் திசை எப்போதும் (1, 1)ஆகவே வரும். அதைப் பார்த்து ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

எல்லா அளவுகளும் ஒரே அலகில் இருந்து, வேரியன்ஸ் வித்தியாசமே ஒரு செய்தியாக இருந்தால் வகுக்காமல் விடுவதுதான் சரி. நீளமும் அகலமும் இரண்டும் சென்டிமீட்டரில் இருக்கும் நம் உதாரணம் அப்படிப்பட்டது. என் கருத்தில் கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் வகுப்பதும் தவறு, எப்போதும் விடுவதும் தவறு.

ஒரே ஒரு தப்பான எண்ணும் இதே வேலையைச் செய்துவிடும். ஐந்தாவது காயின் 18ஐ யாரோ 81 என்று தட்டிவிட்டால் நீளத்தின் வேரியன்ஸ் 5இலிருந்து 893க்குத் தாவுகிறது. முதல் திசையின் பங்கு 99.9 சதவீதம், திசை மறுபடியும் வெறும் நீளம். வர்க்கப்படுத்துவதால் தொலைவில் உள்ள ஒரு புள்ளி மற்ற நான்கையும் அமுக்கிவிடுகிறது. புதிய எண்களை ஒரு படமாக வரைந்தால் நான்கு புள்ளிகள் ஒரு மூலையில் குவிந்து, ஒன்று மட்டும் தனியாகத் தூரத்தில் நிற்கும். பங்கு நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்திருந்தால் முதலில் இந்தப் படத்தைப் பாருங்கள், பிறகு அலகுகளைப் பாருங்கள்.

பைத்தானில்

```python
import numpy as np

X = np.array([[12, 8], [14, 6], [15, 8], [16, 8], [18, 10]])
Z = X - X.mean(axis=0)
C = np.cov(Z, rowvar=False)
vals, vecs = np.linalg.eigh(C)
print(C)
print(vals)
print(vecs)
scores = Z @ vecs[:, ::-1]
```

`rowvar=False` என்பதை விட்டுவிட்டால் நம்பை வரிசைகளை அளவுகளாக எடுத்துக்கொள்ளும். அப்போது 2×2க்குப் பதில் 5×5 மேட்ரிக்ஸ் வரும். அச்சிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஆகவே அச்சிட்டுப் பாருங்கள். `eigh` ஐகன் மதிப்புகளைச் சிறியதிலிருந்து பெரியதாகத் தரும், இங்கே 1, 6 என்று. நமக்கு முதலில் வேண்டியது கடைசியில் இருக்கிறது, அதனால்தான் `[:, ::-1]` என்று திருப்பியிருக்கிறேன். ஐகன் வெக்டர்கள் `vecs`இன் பத்திகளில் இருக்கும். ஆனால் சைக்கிட்-லேர்னில் `PCA` போட்டால் `components_`இல் அவை வரிசைகளில் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும்போது பலர் தடுமாறுவது இங்கேதான். சந்தேகம் வந்தால் Cயால் பெருக்கிப் பாருங்கள். சாயாமல் அதே திசையில் நின்றால் எடுத்தது சரியானதுதான்.

உங்கள் கணினியில் (0.894, 0.447) வரலாம், (−0.894, −0.447) வரலாம். இரண்டும் ஒரே கோடு, எதிர் முனைகள். எது வந்தாலும் தவறில்லை. ஆனால் போன மாத டேட்டாவுக்கு ஒரு குறியும் இந்த மாத டேட்டாவுக்கு எதிர்க்குறியும் வந்தால், பெரிய காய்க்குப் போன மாதம் பாசிட்டிவாக இருந்த எண் இந்த மாதம் நெகட்டிவாகும். ஒப்பிடுவதற்கு முன் ஒரு குறியை நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, சைக்கிட்-லேர்ன் சராசரியைத் தானே கழித்துக்கொள்ளும், ஆனால் திட்ட விலக்கத்தால் வகுக்காது. அது வேண்டுமென்றால் `StandardScaler`ஐ நாம்தான் முன்னால் போட வேண்டும்.

பெரிய வேறுபாடு எல்லாம் வேண்டிய வேறுபாடு அல்ல

பிசிஏவுக்குத் தெரிந்தது பரவல் ஒன்றுதான். நமக்கு எது தேவை என்பது அதற்குத் தெரியாது. கூடையில் தோத்தாபுரியோடு செந்தூராவும் கலந்துவிட்டது என்று வையுங்கள். செந்தூரா உருண்டை, தோத்தாபுரி நீளம். இரண்டிலும் பெரிய காயும் உண்டு, பிஞ்சும் உண்டு. காய்க்குக் காய் பருமன் மிக அதிகமாக மாறினால், ஐகன் மதிப்பு பெரிதாக இருக்கும் முதல் திசை பருமனுக்கே போய்விடும். ரகங்களைப் பிரிக்கும் வடிவமோ ஐகன் மதிப்பு சிறிய இரண்டாவது திசையில் கிடக்கும். 85 சதவீதம் வந்துவிட்டது, முதல் திசை போதும் என்று இரண்டாவதை எறிந்தால் ரகத்தைப் பிரிக்க உதவும் ஒரே எண்ணை எறிந்ததாக ஆகும்.

இது நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க, ரகம் தெரிந்த காய்கள் கொஞ்சம் இருந்தால் போதும். முதல் எண்ணைக் கிடையாகவும் இரண்டாவதை நிலையாகவும் வைத்துப் படம் வரைந்து, ரகத்துக்கு ஒரு நிறம் கொடுங்கள். நிறங்கள் இடம்வலமாகப் பிரியாமல் மேல்கீழாகப் பிரிந்தால் வேண்டிய செய்தி இரண்டாவது திசையில் இருக்கிறது. ரகத்தைப் பிரிப்பதே நோக்கம், ரகத்தின் பெயர்களும் கையில் இருக்கின்றன என்றால், பிசிஏவைவிட லீனியர் டிஸ்கிரிமினன்ட் அனாலிசிஸ் பொருத்தம். அதுவும் ஐகன் வெக்டரைத்தான் தேடுகிறது. ஆனால் மொத்தப் பரவலைப் பார்க்காமல், ரகங்களுக்கு இடையே உள்ள பரவல் ரகத்துக்குள் உள்ள பரவலைப்போல் எத்தனை மடங்கு என்பதைப் பார்க்கிறது. அந்த விகிதம் உச்சத்துக்குப் போகும் திசையே அங்கே முதலில் வரும்.